சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்கும் டேப்லெட்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மன்னார்குடியில் எங்கள் பழுதுபார்க்கும் கடைக்கு டேப்லெட் கொண்டுவருகிறவர்கள் பலரும் காரணத்தையும் தாங்களே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். "பேட்டரி போய்விட்டது, மாற்றிக்கொடுங்கள்" என்பார்கள். திரையைத் தொடாமல் வைத்திருந்தும் காலையில் பாதி சார்ஜ் காணாமல் போனால் அப்படித்தான் தோன்றும். ஆனால் டெல்டாவின் உட்கிராமங்களிலிருந்து வருகிற இந்தப் புகாரில், பேட்டரியைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு பிடிக்கும் காரணம்வரை வரிசையாகப் பார்ப்போம். அமைப்புப் பெயர்கள் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கானவை. தயாரிப்பாளரைப் பொறுத்து ஒரு சொல் முன்பின் மாறியிருக்கலாம்.

## முதலில் ஓர் இரவு அளந்து பாருங்கள்

"சீக்கிரம் இறங்குகிறது" என்பதை எண்ணாக மாற்றாமல் எதையும் தொடாதீர்கள். படுக்கப் போகும்போது சதவீதத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுந்ததும் மீண்டும் எழுதுங்கள். சார்ஜரிலிருந்து எடுத்த உடனே அளக்க வேண்டாம். சில டேப்லெட்டுகள் 100-லேயே வெகு நேரம் நின்றுவிட்டுப் பிறகுதான் இறங்கத் தொடங்கும். 80, 90 என்று இருக்கும்போது தொடங்குவது நல்லது.

எட்டு மணி நேரத்தில் மூன்று முதல் ஆறு சதவீதம் குறைந்தால் குறையே இல்லை. சிம் போட்ட டேப்லெட்டில் எட்டு வரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். பத்தைத் தாண்டினால் தேட வேண்டிய விஷயம். இருபதைத் தாண்டினால் ஏதோ ஒன்று இரவு முழுவதும் விழித்திருக்கிறது.

மறுநாள் இரவு அதே இடத்தில், ஏறக்குறைய அதே சார்ஜில், ஃப்ளைட் மோடில் போட்டு வையுங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் ஃப்ளைட் மோட் போட்டாலும் வைஃபை அணையாமல் இருக்கும். அதைத் தனியாக அணைத்துவிடுங்கள். அலாரம் வழக்கம்போல் அடிக்கும், பயப்பட வேண்டாம். இந்த இரண்டு இரவுகளின் எண்கள்தான் இனி எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்லும்.

## அறிகுறி: ஃப்ளைட் மோடில் நிற்கிறது, சாதாரணமாக வைத்தால் மளமளவென்று இறங்குகிறது

சிக்னல் தேடலா, பின்னணி ஒத்திசைவா என்று இரண்டில் ஒன்று. பிரிப்பது எளிது. மூன்றாம் இரவு ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டு, வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் மட்டும் அணைத்து வையுங்கள். சிம் வேலை செய்யும், ஆனால் எந்தச் செயலியும் இணையத்தைத் தொட முடியாது. அப்போதும் இறங்கினால் சிக்னல். நின்றுவிட்டால் ஒத்திசைவு, அதற்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது.

### சிக்னல்தான் என்றால்: சிம்மையே முதலில் பாருங்கள்

ரீசார்ஜ் முடிந்து மாதக்கணக்கில் கிடந்து, நிறுவனத்தால் துண்டிக்கப்பட்ட சிம் உள்ளே இருக்கிறதா? டேப்லெட் வாங்கிய புதிதில் போட்டுவிட்டு மறந்துபோன சிம்மாக இருக்கும். எந்த டவரும் அதை ஏற்காது. டேப்லெட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். திரையின் மேல்மூலையில் Emergency calls only அல்லது No service என்று இருந்தால் ஊசியை எடுத்து சிம்மைக் கழற்றுங்கள். கழற்ற மனமில்லையென்றால் Settings பகுதியில் SIM என்பதற்குள் போய் அணைத்து வைக்கலாம். வீட்டில் வைஃபை இருக்கிறவர்களுக்கு இத்தோடு வேலை முடிந்துவிடுவது உண்டு.

### உயிருள்ள சிம், ஆனால் ஒன்றிரண்டு கோடுகள்

மேலே தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி வரையும். Settings → About tablet → Status → SIM card status என்று போனால் Signal strength என்ற இடத்தில் ஓர் எண் இருக்கும். கழித்தல் குறியோடு dBm என்று எழுதியிருக்கும். பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 4ஜியில் −90 வாக்கில் இருந்தால் கவலையில்லை. −105 என்றால் சுமார். −115-க்குக் கீழே போனால் டேப்லெட் பிடித்த டவரை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடும், அதையும் விட்டுவிட்டு முதலாவதற்கே திரும்பும். ஒவ்வொரு தடவையும் முழு சக்தியில் கத்திப் பேச வேண்டியிருக்கும். சார்ஜ் போகிற வழி அதுதான்.

எண்ணைப் பார்த்தபடியே டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். புதுப்பித்துக் காட்டச் சில விநாடிகள் ஆகும், அவசரப்படாதீர்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் கனம். திண்ணையில் −102 காட்டிய டேப்லெட், ரேழியும் கூடமும் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் −118-க்கு இறங்கும். தகரக் கொட்டகைக்குள்ளும் அப்படித்தான். இரவில் வைக்கும் இடத்தை மாற்றினாலே தீர்ந்துவிடும் கோளாறு இது.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஓர் ஊரிலிருந்து ஓர் ஆசிரியை கொண்டுவந்த டேப்லெட்டைச் சொன்னால் இது விளங்கும். பத்து அங்குலத் திரை, 7000 mAh பேட்டரி, வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இரவு பத்து மணிக்கு 84, காலை ஆறு மணிக்கு 53. அவரே எழுதி வைத்திருந்தார், அதனால் என் வேலை பாதி குறைந்தது. எட்டு மணி நேரத்தில் 31 சதவீதம். கடையில் ஓர் இரவு மேசைமேல் வைத்துப் பார்த்தேன், ஐந்து சதவீதம்கூடக் குறையவில்லை. அதே சிம், அதே செயலிகள். மன்னார்குடிக்கு வந்தால் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போனால் படுத்துக்கொள்கிறது.

வீட்டில் சிக்னல் மோசமோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. கூடத்தில் −103 காட்டுகிறது என்று ஃபோனில் சொன்னார். −103-க்கு 31 சதவீதம் போகாது. "ராத்திரி எங்கே வைப்பீர்கள், டீச்சர்?" என்று கேட்டேன். "பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன், தம்பி. பள்ளிக்கூடத்துப் பொருளாயிற்றே" என்றார்.

இரும்பு பீரோ. நான்கு பக்கமும் தகடு, கதவும் தகடு. கூடத்தில் இருக்கும் சிக்னல் அந்தக் கதவு மூடியதும் அறுந்துவிடும், அல்லது நூலளவுக்கு மிஞ்சும். உறுதிசெய்ய ஒரு வழி சொன்னேன். அந்த எண்ணிலேயே வாட்ஸ்அப் இருந்ததால், வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவை மட்டும் போட்டு, பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, வேறு ஃபோனிலிருந்து ஒரு செய்தி அனுப்பச் சொன்னேன். ஒற்றை டிக்கோடு நின்றது. கதவைத் திறந்து டேப்லெட்டை வெளியே எடுத்ததும் இரண்டாவது டிக் விழுந்தது. அன்று இரவு ஃப்ளைட் மோடில் போட்டு அதே பீரோவில் பூட்டினார்: 82-லிருந்து 79.

இதற்குப் பேட்டரியும் வேண்டாம், சர்வீஸும் வேண்டாம். பூட்டித்தான் வைக்க வேண்டுமென்றால் ஃப்ளைட் மோடில் போட்டுப் பூட்டுங்கள். பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், வங்கிப் பணி என்று டேப்லெட்டைப் பொறுப்பில் வைத்திருக்கும் பலருக்கும் பீரோ, இரும்புப் பெட்டி, லாக்கர் பழக்கம் இருக்கிறது. ஆகவே இப்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

### சில இரவுகளில் மட்டும்

ஒரு வாரம் ஒழுங்காக இருந்து திடீரென்று ஓர் இரவு மட்டும் இறங்கினால், அந்த இரவு ஊரில் கரண்ட் போனதா என்று யோசித்துப் பாருங்கள். மின்வெட்டு நீண்டால் பக்கத்து டவரின் பேட்டரியும் தீர்ந்து, ஜெனரேட்டர் இல்லையென்றால் டவர் நின்றுவிடும். டேப்லெட் எட்டாத தூரத்து டவரைப் பிடிக்க அலையும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்தபோது கைப்பேசி வைத்திருந்த எல்லாரும் இதை அனுபவித்தார்கள்: சார்ஜ் போட வழியில்லாத நேரத்தில்தான் சார்ஜ் வேகமாகத் தீர்ந்தது. மழைக்காலத்தில் கரண்ட் போனதும் ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, வேண்டும்போது மட்டும் எடுங்கள்.

நெட்வொர்க் வகையையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 5ஜி டேப்லெட்டில், 5ஜி சிக்னல் வந்து வந்து போகும் எல்லையோர ஊராக இருந்தால், Preferred network type என்பதை 4ஜிக்கு மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே தாவுவது நிற்கும். ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று 2ஜிக்குக் கீழிறக்காதீர்கள். 4ஜி மட்டுமே தரும் நிறுவனத்தின் சிம்மாக இருந்தால் சேவையே அறுந்து, டேப்லெட் முன்பைவிட அதிகமாகத் தேடும்.

## அறிகுறி: வைஃபையோ டேட்டாவோ இருந்தால் மட்டும் இறங்குகிறது, காலையில் தொட்டால் இளஞ்சூடு

இது ஒத்திசைவு. ஏதோ ஒரு செயலி எதையோ ஏற்ற முயன்று, முடியாமல், மறுபடி முயன்றுகொண்டிருக்கிறது. ஒருமுறை ஏற்றி முடித்துவிடும் செயலி பெரிதாகச் சார்ஜைத் தின்னாது. முடிக்க முடியாமல் திண்டாடுகிற செயலிதான் தின்னும்.

Settings → Battery → Battery usage திறந்து, பட்டியலில் முதலில் நிற்கும் செயலியைத் தொடுங்கள். திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம் என்று பிரித்துக் காட்டும். நீங்கள் திறக்கவே இல்லாத செயலி பின்னணியில் மணிக்கணக்காக ஓடியிருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. காலையில் எழுந்தவுடன் பார்க்க வேண்டும். பகலெல்லாம் பயன்படுத்திவிட்டுப் பார்த்தால் இரவுக் கணக்கு அதில் அமிழ்ந்துவிடும்.

பெரும்பாலும் அகப்படுவது புகைப்படக் காப்பு. ஆண்டு விழாவில் எடுத்த நீள வீடியோ ஒன்று மேலேறாமல் சிக்கி நிற்கும். அதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான படங்கள் வரிசையில் காத்திருக்கும். கூகுள் ஃபோட்டோஸைத் திறந்து மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் காப்பு முடிந்ததா, மிச்சம் இருக்கிறதா என்று தெரியும். மிச்சம் இருந்தால் காப்பை நிறுத்துவதைவிட முடித்துவைப்பதே நல்லது. ரூட்டருக்குப் பக்கத்தில், சார்ஜர் போட்டபடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். அதே சமயம் மொபைல் டேட்டாவில் காப்பெடுக்கும் அனுமதியை அணைத்துவிடுங்கள். ரூட்டர் முன்கட்டிலும் டேப்லெட் பின்கட்டிலும் இருக்கும் வீட்டில் இது அவசியம். வைஃபை விட்டுப்போன கணத்தில் வேலை மொபைல் டேட்டாவுக்குத் தாவும், அங்கும் சிக்னல் இல்லையென்றால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

வாட்ஸ்அப் காப்பும் இந்த வகைதான். தினசரி என்று வைத்திருந்தால் பின்னிரவில், அதிகாலை இரண்டு மணி வாக்கில் தொடங்கும். வீடியோக்களையும் சேர்க்கச் சொல்லியிருந்தால் கேட்கவே வேண்டாம். வாரம் ஒருமுறை, வீடியோ இல்லாமல், வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள்.

அடுத்தது பழைய மின்னஞ்சல் கணக்கு. கடவுச்சொல்லை வேறோர் இடத்தில் மாற்றிவிட்டு டேப்லெட்டில் மாற்றாமல் விட்டிருப்பீர்கள். Settings → Accounts போய் ஒவ்வொரு கணக்காகத் தொட்டுப் பாருங்கள். எச்சரிக்கைக் குறியோ, ஒத்திசைவில் சிக்கல் என்ற வாசகமோ இருந்தால் அந்தக் கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீக்குவதற்குமுன் அதில் இருக்கும் தொடர்பு எண்கள் வேறெங்காவது பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதற்காக Automatically sync data என்பதை ஒட்டுமொத்தமாக அணைப்பவர்கள் உண்டு. சோதனைக்கு ஓர் இரவு அணைக்கலாம். நிரந்தரமாக அணைத்தால் நாட்காட்டியும் தொடர்புகளும் பழையதாகவே கிடக்கும், பிறகு அதைச் சரிசெய்யக் கேட்டு வேறொரு நாள் வருவார்கள்.

குற்றவாளிச் செயலி இவற்றில் எதுவும் இல்லையென்றால், Settings → Apps → அந்தச் செயலி → Battery என்று போய் Restricted வையுங்கள். தகவல் உடனே வர வேண்டிய செயலிகளுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். "பேட்டரி மிச்சம் பிடிக்கும்" என்று சொல்லி வருகிற செயலி ஏதாவது போட்டிருந்தால் அதை நீக்குங்கள். அது மற்றச் செயலிகளை மூடும், அவை உடனே மறுபடி எழும். இதுவே இரவு முழுவதும் நடக்கும். ஆண்ட்ராய்டு 6 வந்ததிலிருந்தே அசையாமல் கிடக்கும் கருவியைத் தூங்க வைக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. அதன் வேலையைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

## அறிகுறி: சிக்னல் நன்று, காப்பும் முடிந்தது, ஆனாலும் மணிக்கு ஒன்றரை, இரண்டு என்று சீராக இறங்குகிறது

முகப்புத் திரையைப் பாருங்கள். வானிலை, செய்தி, கிரிக்கெட் ஸ்கோர் என்று விட்ஜெட்டுகள் எத்தனை? சம்பா நடவு முடிந்து வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்திருக்கும் மாதங்களில் இரண்டு மூன்று வானிலை விட்ஜெட் இல்லாத டேப்லெட்டை நான் பார்ப்பதே அரிது. ஒன்று மழை என்கிறது, இன்னொன்று வெயில் என்கிறது, எதையும் நீக்க மனம் வருவதில்லை.

ஆண்ட்ராய்டின் வழக்கமான ஏற்பாட்டில் ஒரு விட்ஜெட் அரை மணிக்கு ஒருமுறைக்குமேல் தன்னைப் புதுப்பிக்கக் கேட்க முடியாது. ஆனால் அந்த அரை மணி வந்ததும் தூங்கும் கருவியை எழுப்பிவிடலாம். போதாததற்குச் சில செயலிகள் வேறு வழிகளில் இன்னும் அடிக்கடி எழுப்பும். வானிலை விட்ஜெட் எழுந்ததும் முதலில் "நான் எந்த ஊரில் இருக்கிறேன்" என்று இருப்பிடம் கேட்கும், பிறகுதான் இணையத்துக்குப் போகும். எழுப்புவதைவிட இந்த இருப்பிடத் தேடல்தான் அதிகம் தின்கிறது.

Settings → Location திறந்தால் அண்மையில் இருப்பிடம் கேட்ட செயலிகளின் பட்டியல் இருக்கும். நீங்கள் தூங்கிய நேரத்தில் வானிலைச் செயலி கேட்டிருந்தால் விட்ஜெட்டைப் பிடித்துவிட்டீர்கள். முகப்பிலிருந்து விட்ஜெட்டை எடுங்கள். நீண்ட நேரம் அழுத்தி நீக்கினால் போய்விடும், செயலியை அழிக்க வேண்டியதில்லை. ஒன்றாவது வேண்டும் என்றால் ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் அமைப்பில் ஊரை நீங்களே மன்னார்குடி என்றோ நன்னிலம் என்றோ நிலையாகத் தேர்ந்தெடுங்கள். செயலியின் இருப்பிட அனுமதியைப் பயன்படுத்தும்போது மட்டும் என்று குறையுங்கள். டேப்லெட் இரவில் எங்கும் நடந்து போகப் போவதில்லை. அதே Location பக்கத்தில் Wi-Fi scanning, Bluetooth scanning இரண்டையும் அணைத்துவிடலாம்.

எந்த விட்ஜெட், எந்தச் செயலி என்று பிரிக்கவே முடியாவிட்டால் Safe mode இருக்கிறது. பவர் பொத்தானை அழுத்தி, வரும் Power off எழுத்தை நீண்ட நேரம் அழுத்தினால் பல மாடல்களில் கேட்கும். அதில் நீங்கள் போட்ட செயலிகள் எதுவும் ஓடாது. அப்படி ஓர் இரவு விட்டு, இறங்குவது நின்றால் நீங்கள் போட்ட ஏதோ ஒன்றுதான் காரணம். கோளாறு தொடங்கிய வாரத்தில் புதிதாகப் போட்டவற்றிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். Safe mode-இலிருந்து வெளியே வந்த பிறகு சில விட்ஜெட்டுகள் காணாமல் போயிருக்கும். நம் விஷயத்தில் அது நல்லதே.

## அறிகுறி: ஃப்ளைட் மோடிலும் இறங்குகிறது

Safe mode-இல் ஃப்ளைட் மோட் போட்டும் ஒரே இரவில் பத்துக்குமேல் போனால், அடுத்த இரவு முற்றிலும் அணைத்து வையுங்கள். 80-ல் அணைத்துக் காலையில் போட்டால் 79 அல்லது 80 காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் கோளாறு மென்பொருளில் இருக்கிறது. படங்களையும் கோப்புகளையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, புதுப்பிப்பு இருந்தால் போட்டு, அதற்கும் மசியாவிட்டால் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கலாம்.

அணைத்து வைத்ததே 70-க்கு வந்துவிட்டால் இனி வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. கடைக்குக் கொண்டுபோங்கள். கீழுள்ளவை இருந்தால் சோதனைகளில் நாளைக் கடத்தாமலே போங்கள்:

- 45-லிருந்து சட்டென்று 12-க்கு விழுகிறது, சார்ஜர் செருகியதும் 30-க்குத் தாவுகிறது. பேட்டரி களைத்துவிட்டது.
- திரை ஓரத்தில் எழும்பியிருக்கிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது. பேட்டரி உப்பியிருக்கிறது. அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி உட்கார வைக்காதீர்கள், வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவராதீர்கள்.
- சார்ஜ் துளைக்குள் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்திலிருந்து வருபவற்றில் இதை அடிக்கடி பார்க்கிறேன். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து துளையின் கம்பிகளுக்கிடையே மின்கசிவை உண்டாக்கும். ஊசியால் சுரண்டாதீர்கள், இருக்கும் கம்பியும் முறிந்துபோகும்.

கடையில் பேட்டரியை மாற்றச் சொல்வதற்குமுன் ஒன்று கேளுங்கள்: பேட்டரியைக் கழற்றிவிட்டு, மேசை மின்வழங்கியில் போர்டை இணைத்து, அணைந்த நிலையில் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். முள் ஏறக்குறைய பூஜ்யத்தில் நின்றால் போர்டு நல்லது, பேட்டரியை மாற்றலாம். பல மில்லிஆம்பியர் இழுத்தால் கசிவு போர்டிலோ சார்ஜ் துளையிலோ இருக்கிறது. புதுப் பேட்டரியும் அதே வேகத்தில்தான் காலியாகும். சார்ஜ் துளைப் பலகை தனியாகக் கழன்று வரும் மாடல் என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும், செலவு குறைவு. போர்டிலேயே கசிவு என்றால் பழுது பார்க்கும் கூலியை டேப்லெட்டின் இன்றைய விலையோடு வைத்துப் பாருங்கள். பழைய மாடலாக இருந்தால் நான் மறுத்தே அனுப்பிவிடுகிறேன்.